94 பேட்ச் கமிட்டி அண்ணன்களுக்கு: "நாலு பேருக்கு ஒரு ஃபுல், ரெண்டு நைட்டு" பத்தி ஒரு திறந்த மடல்

தலைவர் அண்ணே, செயலாளர் அண்ணே, பொருளாளர் அண்ணே, கமிட்டில இருக்கிற மத்த அண்ணன்களே,

இந்த வருஷ கெட் டுகெதருக்கு நீங்க குரூப்ல போட்ட நோட்டீஸை எங்க அண்ணி எனக்கு ஃபார்வர்ட் பண்ணாங்க. மறுபடியும் ஏற்காடு, மறுபடியும் வெள்ளி, சனி ரெண்டு நைட்டு, "நாலு பேருக்கு ஒரு ஃபுல், பீர் தனி"னு பட்ஜெட், அதுக்கு கீழயே "நம்ம நண்பனை வீல்சேரோட தூக்கிட்டு வர்றோம், சியர்ஸுக்கு அவனுக்கும் ஒரு பெக் உண்டு"ன்னு எழுதி கை தட்டுற ஸ்டிக்கர் போட்டிருக்கீங்க. அந்த நண்பன் எங்க அண்ணன். அதே நோட்டீஸ்ல கடைசி வரி, அவன் மருத்துவ செலவுக்கு ஆளுக்கு ஆயிரம் ரூபா. சரக்குக்கு ஆளுக்கு ரெண்டாயிரம்.

உங்க வீட்டு முற்றத்துல எல்லாம் விளையாடி வளர்ந்தவ நான், அந்த உரிமைலதான் எழுதுறேன். இப்போ ஒரு ஆஸ்பத்திரில ஸ்ட்ரோக் வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன்னும் உங்களுக்கு தெரியும். போன வருஷ கெட் டுகெதர்ல அண்ணனுக்கு ஸ்ட்ரோக், அதாவது பக்கவாதம் வந்ததை நீங்க "அவன் விதி", "மலை குளிர் ஒத்துக்கல", "ஏதோ கண்ணு பட்டுடுச்சு"ன்னு பேசி முடிச்சுட்டீங்க. என்ன நடந்துச்சுன்னு ஒருத்தர் கூட கேக்கல. அதனாலதான் இதை தனியா போன்ல சொல்லாம எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறேன்.

முதல்ல கணக்கு. நாலு பேருக்கு ஒரு ஃபுல்னா ஆளுக்கு கிட்டத்தட்ட ஒரு குவார்ட்டர், "அளவாத்தானே குடிக்கிறோம்"னு நீங்க சொல்ற அளவு அதுதான். பாட்டில்ல 42.8 சதவீதம்னு போட்டிருக்கும், பிராந்தியோ விஸ்கியோ ரம்மோ நம்ம ஊர்ல பெரும்பாலும் அதே நம்பர்தான். அப்போ 180 மில்லில சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி, எடைல சுமார் 60 கிராம். ஒரே தடவைல 60 கிராமோ அதுக்கு மேலயோ போனா அது மிதமிஞ்சிய குடின்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு வைக்குது, ஆராய்ச்சி பண்றவங்க பிஞ்ச் டிரிங்கிங்னு சொல்றதும் இந்த மாதிரி குடியைத்தான். அதாவது நீங்க "ஸ்டார்ட்டிங்"னு நினைக்கிற ஒரு குவார்ட்டர்லயே அந்த கோடு வந்துடுது. அதுக்கு மேல 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒண்ணு சேர்ந்தா, 8 சதவீத பீரா இருந்தா, இன்னும் 40 கிராம். ஈரல் ஒரு மணி நேரத்துக்கு சுமாரா ஏழுல இருந்து பத்து கிராம் வரைக்கும்தான் வெளியேத்தும், மோர் குடிச்சாலும் குளிச்சாலும் அந்த வேகம் கூடாது. ராத்திரி ஒரு மணிக்கு நிறுத்தினவனுக்கு மறுநாள் காலைல டிபன் சாப்பிடும்போதும் ரத்தத்துல சரக்கு இருக்கும். அந்த நேரத்துல "ஹேங்ஓவர் போக ஒரு கட்டிங்"னு ஊத்திக் கொடுத்தா அது இறங்கவே வழி இல்ல.

எங்க அண்ணன் குடிகாரன் இல்ல. பொங்கல், தீபாவளி, உங்க கெட் டுகெதர், அவ்வளவுதான் அவன் குடிக்கிறது. சுகர் இல்ல, பிபி மாத்திரை போட்டதில்ல, 46 வயசு. "அவனை விட நாங்க டெய்லி குடிக்கிறோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகலியே"ன்னு ஒரு அண்ணன் ஆஸ்பத்திரி வாசல்லயே சொன்னார். அது உங்களுக்கு ஆறுதலா இருக்கலாம், ஆனா இந்த விஷயம் அப்படி வேலை செய்யறது இல்ல. வருஷத்துல மூணு நாள் குடிக்கிறவன் அந்த மூணு நாள்லயும் மொத்தமா குடிச்சா வர்ற ஆபத்து தனி. டெய்லி குடிக்கிறவருக்கு வர்ற ஆபத்து தனி, அதுக்கும் வர்றேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அவன் குடிச்சது ஒரு குவார்ட்டரும் ரெண்டு ஸ்ட்ராங் பீரும், இது உங்கள்ல ரெண்டு பேர் டாக்டர்கிட்ட சொன்னது. கணக்கு போட்டா 140 கிராம் வரைக்கும் வருது. வாந்தி எடுத்திருக்கான், தூங்கினது மூணு மணி நேரம். சனிக்கிழமை காலைல "நெஞ்சு படபடன்னு அடிக்குது, ஒரு மாதிரி இருக்கு"ன்னு சொல்லிருக்கான். கேஸுன்னு சொல்லி சோடா கொடுத்தீங்க, அப்புறம் மதியம் கட்டிங். சாயந்திரமும் படபடப்பு போகல, ஆனா ஆட்டம் பாட்டம்னு இருந்ததால யாரும் கண்டுக்கல, அவனும் பெருசா சொல்லிக்கல. சனி ராத்திரி மறுபடியும் ரவுண்டு.

அந்த படபடப்புதான் ஆரம்பம். இதயத்துல மேல ரெண்டு அறை, கீழ ரெண்டு அறை. மேல் அறை ஒழுங்கா சுருங்கி ரத்தத்தை கீழ தள்ளணும். அந்த மின்சார ஓட்டம் குழம்பி, மேல் அறை சுருங்காம சும்மா நடுங்கிட்டே இருந்தா அதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், வார்டுல ஏஎஃப்னு சொல்லுவோம். ஒரே நேரத்துல நிறைய குடிச்சா இது ஏன் வருதுன்னா, அட்ரினலின் மாதிரி சமாச்சாரம் எகிறும், வாந்திலயும் சிறுநீர்லயும் பொட்டாசியமும் மெக்னீசியமும் இறங்கும், தூக்கம் கெடும், ஆல்கஹாலே மேல் அறை தசையோட மின்சார குணத்தை மாத்தும், எல்லாம் ஒரே ராத்திரில சேருது. இது யாரோ புதுசா கண்டுபிடிச்சு பயமுறுத்துறது இல்ல. 1978லயே அமெரிக்காவுல எட்டிங்கர்னு ஒரு டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும், வார கடைசிலயும் பண்டிகை லீவுலயும் நிறைய குடிச்சுட்டு துடிப்பு தாறுமாறாகி ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களை பார்த்துட்டு இதுக்கு "ஹாலிடே ஹார்ட்"னு பேர் வெச்சாங்க. அப்புறம் 2021ல, ஏற்கனவே ஏஎஃப் வந்து வந்து போற நூறு பேருக்கு ஈசிஜி கருவியும், குடிச்சதை உடம்புல இருந்தே அளக்குற கருவியும் மாட்டி பார்த்தாங்க. ரெண்டு டிரிங்க் அல்லது அதுக்கு மேல உள்ள போன அடுத்த நாலு மணி நேரத்துல ஏஎஃப் வர்ற வாய்ப்பு மூணு மடங்குக்கு மேல. ரெண்டு டிரிங்க்னா அவங்க கணக்குல ஒரு குவார்ட்டர்ல பாதி கூட வராது, அதை கவனிங்க.

சரி, படபடப்பு வந்தா மூளைக்கு என்ன? மேல் இடது அறைல ஓரமா ஒரு சின்ன பை இருக்கு. அறை ஒழுங்கா சுருங்கும்போது அந்த பைல இருக்கிற ரத்தமும் வெளிய போயிட்டே இருக்கும். நடுங்கிட்டு மட்டும் இருந்தா வாய்க்கால் மூலைல தண்ணி தேங்குற மாதிரி அங்க ரத்தம் தேங்கும், தேங்கின ரத்தம் உறையும். வாந்தி எடுத்து, தண்ணி குடிக்காம உடம்பு காஞ்சு போயிருந்தா அது இன்னும் மோசம். அந்த கட்டி பிச்சுக்கிட்டு கிளம்பினா கழுத்து ரத்தக்குழாய் வழியா நேரா மூளைதான். ஏஎஃப் இருக்கிறவங்களுக்கு ஸ்ட்ரோக் வர்ற வாய்ப்பு சுமார் அஞ்சு மடங்கு. அப்படி வர்றது பெரும்பாலும் சின்ன ஸ்ட்ரோக்கா இருக்காது, ஏன்னா இதயத்துல உருவாகுற கட்டி பெருசு, அது போய் அடைக்கிறது மெயின் குழாயை.

இன்னொண்ணு, படபடப்பு நின்னுட்டா தப்பிச்சோம்னு அர்த்தம் இல்ல. துடிப்பு பழையபடி ஒழுங்கானதும் மேல் அறை சுருங்க ஆரம்பிக்கும், அப்போதான் உள்ள இருந்த கட்டி வெளிய தள்ளப்படவும் கூடும். ஏஎஃப் ஆரம்பிச்சு 48 மணி நேரம் தாண்டிடுச்சுன்னா ரத்தம் இளக்குற மருந்து கொடுக்காமலோ, உள்ள ஸ்கேன் பண்ணி பார்க்காமலோ டாக்டருங்க பொதுவா துடிப்பை சரி பண்ண ஷாக் கொடுக்க மாட்டாங்க, காரணம் இதுதான். 48க்குள்ளயும் கட்டி வராதுன்னு கேரண்டி கிடையாது. எங்க அண்ணனுக்கு இதுக்கு முன்னாடி தீபாவளிகள்லயும் இப்படி வந்து வந்து தானா நின்னிருக்கலாம்னு டாக்டர் சொன்னார். அதை இனிமே நிரூபிக்க முடியாது.

ஞாயித்துக்கிழமை காலைல நடந்ததுதான் எனக்கு இன்னும் தாங்கல. ஏழரை மணிக்கு காபி டம்ளர் இடது கைல இருந்து நழுவி விழுந்திருக்கு. பேச்சு குழறிருக்கு. "இன்னும் இறங்கல போல"ன்னு சிரிச்சிருக்கீங்க, அதை ஒருத்தர் போன்ல வீடியோ எடுத்து குரூப்ல போட்டிருக்கார், நேரம் அதுலயே இருக்கு. அந்த வீடியோவை நான் பார்த்தேன். இடது பக்க வாய் கீழ இறங்கி இருக்கு. வார்டுல சேர்ந்து ஒரு வாரம் ஆன டிரெய்னி பொண்ணு கூட அதை பார்த்து சொல்லிடும். அப்புறம் அவனை படுக்க வெச்சு, லெமன் ஜூஸ் ஊத்தி, "தூங்கி எழுந்தா சரியாயிடும்"னு விட்டுட்டு நீங்க போட்டிங் போனீங்க. திரும்பி வந்து பார்க்கும்போது இடது கை கால் ரெண்டும் அசையல. மலை இறங்கி சேலத்துக்கு வந்து சேரும்போது மதியம் ரெண்டு மணிக்கு மேல.

அங்க நாடி பிடிச்ச உடனே தெரிஞ்சுடுச்சு, ஒரு ஒழுங்கே இல்லாத துடிப்பு. ஈசிஜில ஏஎஃப், நிமிஷத்துக்கு 140. சிடி ஸ்கேன்ல ரத்தக்கசிவு இல்ல, வலது பக்க மெயின் குழாய் போற ஏரியா ஏற்கனவே கறுத்துப் போக ஆரம்பிச்சிருந்தது. அடைப்பு ஸ்ட்ரோக்குக்கு கட்டி கரைக்கிற ஊசி இருக்கு, அதை ஆரம்பிச்ச நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா நல்லா இருந்ததை எத்தனை மணிக்கு பார்த்தீங்க?" அது சனி ராத்திரி, தூங்கப் போனப்போ. தூங்கி எழும்போதே அறிகுறி இருந்தா கணக்கு தூங்கப்போன நேரத்துல இருந்துதான் ஓடும். எம்ஆர்ஐ பார்த்து சிலருக்கு ஊசி போடுறது உண்டு, பெரிய குழாய் அடைப்புக்கு தொடை வழியா டியூப் விட்டு கட்டியை இழுக்குற சிகிச்சையும் சிலருக்கு 24 மணி நேரம் வரைக்கும் செய்யறது உண்டு, ஆனா காப்பாத்த இன்னும் உயிரோட மூளை மிச்சம் இருந்தாத்தான். அண்ணனுக்கு அந்த நேரத்துல மிச்சம் இல்ல. காலைல எட்டு மணிக்கே வண்டி எடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன். ஸ்கேன் பார்க்க ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும், மூளை பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டே இருந்தது கம்மியாகியிருக்கும்.

ரூமாட்டிக் வால்வு கோளாறு இருக்கான்னு எக்கோ பார்த்தாங்க, நம்ம ஊர்ல ஏஎஃப்னா அதையும் பார்த்தே ஆகணும், இல்ல. தைராய்டு நார்மல். மறுநாளே துடிப்பு தானா ஒழுங்காயிடுச்சு. ரத்தம் இளக்குற மாத்திரையை உடனே ஆரம்பிக்க முடியல, பெரிய ஸ்ட்ரோக்ல செத்துப் போன இடத்துக்குள்ளயே ரத்தம் கசியும்னு கிட்டத்தட்ட ரெண்டு வாரம் காத்திருந்து ஆரம்பிச்சாங்க. இப்போ காலைலயும் ராத்திரியும் அபிக்ஸாபான் போடுறான். கால் ஓரளவுக்கு வந்துடுச்சு, கம்பு வெச்சு வீட்டுக்குள்ள நடப்பான். இடது கை வரல. இடது பக்கம் வெச்ச இட்லியை பார்க்கவே மாட்டான், பாதி தட்டு அப்படியே இருக்கும், கண்ணுல கோளாறு இல்ல, மூளை அந்த பக்கத்தை கவனிக்கிறதை விட்டுடுச்சு. அண்ணி தட்டை திருப்பி வெப்பாங்க.

இப்படிப்பட்டவனுக்குத்தான் சியர்ஸுக்கு ஒரு பெக். அண்ணன்களே, அவனுக்கு கட்டி வராம இருக்க கொடுக்குற மாத்திரை, ரத்தம் வந்தா சீக்கிரம் நிக்காம பண்ற மாத்திரை. அவன் குடிச்சு ஒரு பக்கம் ஏஎஃப் திரும்பி வரலாம், இன்னொரு பக்கம் தடுமாறி விழுந்து தலைல அடிபட்டா உள்ள ரத்தம் கட்டலாம். ஒரே பெக்ல ரெண்டு வழியும் திறக்குது. குடியை விட்டா பலன் உண்டுன்னு சும்மா சொல்லல, ஆஸ்திரேலியாவுல ஏஎஃப் இருந்து வாரத்துக்கு பத்து டிரிங்க்கோ அதுக்கு மேலயோ குடிச்சுட்டு இருந்த 140 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதியை குடியை விடச் சொன்னாங்க, இன்னொரு பாதி வழக்கம் போல. 2020ல வந்த முடிவு, ஆறு மாசத்துல ஏஎஃப் திரும்பி வந்தது விடச் சொன்னவங்கள்ல 53 சதவீதம், குடிச்சவங்கள்ல 73. முழுசா நிக்கல, உண்மை. ஆனா ஒரு மாத்திரை இந்த அளவு வித்தியாசம் காட்டியிருந்தா டாக்டருங்க எல்லாருக்கும் எழுதிக் கொடுத்திருப்பாங்க.

இனி டெய்லி குடிக்கிற அண்ணன்களுக்கு. உங்கள்ல குறைஞ்சது நாலு பேர் பிபி மாத்திரை போடுறீங்க, பேர் சொல்லல, உங்க வீட்டு அண்ணிங்க என்கிட்டதான் டோஸ் கேப்பாங்க. "சரக்கு அடிக்கிற அன்னிக்கு மாத்திரை போடக்கூடாது"ன்னு நீங்களா ஒரு சட்டம் வெச்சிருக்கீங்க. வார்டுல ரத்தக்கசிவு ஸ்ட்ரோக்கோட வர்ற ஆம்பளைங்களோட மனைவிகிட்ட மாத்திரை போட்டாரான்னு கேட்டா இதே பதில் திரும்பத் திரும்ப வரும், ரெண்டு நாள் மூணு நாள் சேர்ந்தாப்ல நிறுத்திருப்பாங்க, லீவு நாள்ல குடிச்சிருப்பாங்க. நிறைய குடிச்சா முதல் சில மணி நேரம் பிபி கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும், அதனாலதான் "குடிச்சா ரிலாக்ஸா இருக்கு"ன்னு தோணும். பதிமூணு மணி நேரம் தாண்டினா அது ஏறும், துடிப்பு முழுக்கவே வேகமாத்தான் இருக்கும். சராசரி ஆளுக்கு அந்த ஏத்தம் சின்னது. ஏற்கனவே பிபி இருந்து, மாத்திரையும் நிறுத்தி, ரெண்டு நைட்டு விடாம குடிச்சவருக்கு அப்படி இல்ல. அட்டினோலால், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரையை திடீர்னு நிறுத்தினா பிபியும் துடிப்பும் தனியாவே எகிறும். மூளைக்கு அடில ஆழத்துல போற மெல்லிசு குழாய்ங்க வருஷக்கணக்கா பிபில அடிபட்டு பலவீனமா இருக்கும், அது வெடிக்கும். தொடர்ந்து குடிச்சு ஈரல் கெட்டிருந்தா, ரத்தம் உறைய வேண்டிய புரதங்களும் தட்டணுக்களும் குறைஞ்சிருக்கும், கசிவு நிக்காம பெருசாகிட்டே போகும். இந்த ஸ்ட்ரோக்குக்கு கரைக்கிற ஊசி கிடையாது, போட்டா உயிருக்கே ஆபத்து.

"கொஞ்சமா குடிச்சா இதயத்துக்கு நல்லது"ன்னு வர்ற ஃபார்வர்டும் உங்க குரூப்ல சுத்துது. சீனாவுல அஞ்சு லட்சம் பேருக்கு மேல வெச்சு, அதுல சுமார் ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேரை ஆல்கஹால் ஒத்துக்காத மரபணு இருக்கிறவங்க இல்லாதவங்கன்னு பிரிச்சு பார்த்த ஆய்வு 2019ல வந்துச்சு. மரபணு வழியா பார்த்தப்போ கொஞ்சமா குடிச்சா ஸ்ட்ரோக்ல இருந்து பாதுகாப்புங்கிறது காணாம போயிடுச்சு. வாரத்துக்கு 280 கிராம் கூடினா, கிட்டத்தட்ட உங்க கணக்குல அஞ்சு குவார்ட்டருக்கு கொஞ்சம் கம்மி, ரத்தக்கசிவு ஸ்ட்ரோக் ஆபத்து 58 சதவீதமும் அடைப்பு ஸ்ட்ரோக் ஆபத்து 27 சதவீதமும் கூடுச்சு. அடைப்பை விட கசிவுக்குத்தான் சரக்கு அதிகமா தள்ளுது.

இப்போ நான் கேக்குறதை கேளுங்க. ரிக்வெஸ்ட்னு எழுதினாலும் இதுல ரெண்டு மூணு விஷயத்துல நான் பின்வாங்க மாட்டேன்.

சங்க பணத்துல சரக்கு வாங்காதீங்க. அந்த பட்ஜெட் வரியை எடுத்துட்டு புது நோட்டீஸ் போடுங்க. யாரும் குடிக்கவே கூடாதுன்னு சொல்ற அதிகாரம் எனக்கு இல்ல, அவங்கவங்க காசுல குடிக்கிறது அவங்கவங்க பாடு. ஆனா பொது காசுல பாட்டில் வந்து நடுவுல உக்காந்தா, குடிக்காதவனும் "காசு கட்டியாச்சே"ன்னு குடிப்பான், ரெண்டு பெக்ல நிறுத்துறவன் குவார்ட்டரை முடிப்பான். எங்க அண்ணன் அப்படித்தான் முடிச்சான். காலை கட்டிங்கை யாரும் யாருக்கும் ஊத்தாதீங்க, "ஒரு ரவுண்டு எனக்காக"ன்னு கையை பிடிச்சு இழுக்கிறதை விடுங்க.

எங்க அண்ணனை கூப்பிடணும்னா பகல்ல, மலை ஏறாம, சேலத்துலயே ஒரு மண்டபத்துல சாப்பாட்டுக்கு கூப்பிடுங்க, அண்ணியோட. அவன் கைல கிளாஸை கொடுக்கிறவங்க யாரா இருந்தாலும் அன்னிக்கோட எங்க வீட்டு உறவு முடிஞ்சுது, இதை கோவத்துல எழுதல.

பிபி, சுகர் மாத்திரை போடுறவங்க எந்த நாள்லயும் தானா மாத்திரையை நிறுத்தக்கூடாது, உங்க டாக்டர்கிட்ட "நான் குடிப்பேன், இந்த மாத்திரைங்களை எப்படி போடணும்"னு வெக்கப்படாம கேட்டுட்டு வாங்கன்னு கமிட்டி பேர்ல குரூப்ல ஒரு மெசேஜ் போடுங்க. குறிப்பா சில சுகர் மாத்திரையோட வெறும் வயித்துல குடிச்சா சுகர் ரொம்ப இறங்கலாம், அதுவும் பார்க்க ஸ்ட்ரோக் மாதிரியே இருக்கலாம். குளுக்கோமீட்டர் ஒண்ணு கொண்டு போங்க. பிபி மெஷினும் ஒண்ணு. யாராவது படபடப்புன்னு சொன்னா கேஸுன்னு முடிவு பண்ணாம மணிக்கட்டுல ஒரு முழு நிமிஷம் நாடி பிடிச்சு பாருங்க. வேகமா இருந்தாலும் சீரா இருக்கா, இல்ல ஒண்ணு கிட்ட, ஒண்ணு தள்ளின்னு எந்த ஒழுங்கும் இல்லாம வருதான்னு பாருங்க. நிறைய பிபி மெஷின்ல துடிப்பு ஒழுங்கில்லனா அதுக்கு ஒரு குறி வரும். அப்படி இருந்தா அன்னிக்கே ஈசிஜி, அன்னிக்கு அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது.

குடிக்காத ரெண்டு பேரு, ஒரு வண்டி, கிளம்புறதுக்கு முன்னாடியே சிடி ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரி எதுன்னு விசாரிச்சு வெச்ச நம்பர், இது இல்லாம ஒரு இரவு கூட எங்கயும் தங்காதீங்க. அந்த ரெண்டு பேருக்கும் இதை சொல்லிக் கொடுங்க: போதைன்னா தள்ளாட்டம் ரெண்டு பக்கமும் இருக்கும், ஒரு பக்கம் மட்டும் விழாது. சந்தேகம்னா சிரிக்கச் சொல்லணும், ரெண்டு கையையும் முன்னாடி நீட்டி கண்ணை மூடி பத்து எண்ணச் சொல்லணும், ஒரு முழு வாக்கியம் திரும்பச் சொல்லச் சொல்லணும். வாய் ஒரு பக்கம் இழுத்தாலோ ஒரு கை மட்டும் கீழ இறங்கினாலோ 108. பேச்சு மட்டும் குழறினா போதையா ஸ்ட்ரோக்கான்னு நானே கூட பார்த்து உறுதியா சொல்ல முடியாது, அப்போதும் ஆஸ்பத்திரிதான், தூக்கம் இல்ல. திடீர்னு இதுவரைக்கும் வராத தலைவலி, வாந்தி, எழுப்பினா எழும்பாத மயக்கம், வலிப்பு, இதுக்கும் அதேதான். வாய்ல ஜூஸோ தண்ணியோ மோரோ ஊத்தாதீங்க, முழுங்கத் தெரியாம நுரையீரலுக்கு போகும், ஒருக்களிச்சு படுக்க வைங்க. ஆஸ்பிரின் கொடுக்காதீங்க, அடைப்பா கசிவான்னு ஸ்கேன் இல்லாம யாருக்கும் தெரியாது. கடைசியா நல்லா இருந்த நேரத்தை கைல எழுதிக்கோங்க. டாக்டர்கிட்ட எவ்வளவு குடிச்சான்னு மறைக்காதீங்க, அதே சமயம் அவங்களும் வாசனையை வெச்சு "போதை"ன்னு ஓரமா படுக்க வெச்சா, "சார் ஒரு பக்கம் கை வேலை செய்யல"ன்னு சொல்லி நின்னு கேளுங்க.

அந்த டம்ளர் விழுற வீடியோவை குரூப்ல இருந்தும் உங்க போன்ல இருந்தும் அழிச்சிடுங்க. அண்ணனோட பொண்ணுக்கு பதினாறு வயசு, யாரோ அவ பிரண்டுக்கு அனுப்பி அவளுக்கே வந்துடுச்சு.

மருத்துவ செலவுக்கு வசூல் பண்ணின காசை அண்ணி வேணாம்னு சொல்லல, ஆனா சரக்கு பட்ஜெட் அதே நோட்டீஸ்ல இருக்கிற வரைக்கும் வாங்கிக்க மாட்டாங்க. அடுத்த கமிட்டி மீட்டிங் ஞாயித்துக்கிழமைன்னு போட்டிருக்கீங்க. அதுல இதை படிச்சு, என்ன முடிவுன்னு எனக்கு தனியா சொல்லாம குரூப்லயே எழுதுங்க. நாடி பிடிக்கிறது எப்படின்னு கத்துக்கணும்னா அன்னிக்கு எனக்கு லீவு, வந்து ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்துட்டு போறேன்.

இப்படிக்கு,
உங்க நண்பனோட தங்கச்சி